தெற்குப் பார்த்த பால்கனி

கீழ்வீட்டு அக்கா நர்சரியிலிருந்து ஒரு பீஸ் லில்லி வாங்கி வந்தார். தொட்டியில் செருகியிருந்த அட்டையை என்னிடம் நீட்டி, "இதைத் தமிழ்ல எழுதிக் கொடும்மா, சுவத்துல ஒட்டிக்கிறேன்" என்றார். அதில் நான்கே வரிகள்: நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. மண் ஈரமாக இருக்கட்டும். 15 டிகிரிக்குக் கீழே குளிர் கூடாது. கோடையில் தெற்கு ஜன்னலைத் தவிர்க்கவும்.

கடைசி வரியை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. அது ஐரோப்பிய வீடுகளுக்கான அறிவுரை. அங்கே உச்சிவெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் விழும். சென்னையோ 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அக்காவின் பால்கனி தெற்குப் பார்த்தது. கத்திரி வெயிலிலும் அங்கே நிழல்தான். டிசம்பரில் கதை மாறிவிடும். உச்சிப்பொழுதில்கூட சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கும். மேல்தளம் 9 அடி உயரத்தில் இருந்தால் வெயில் ஆறரை அடி தூரம் உள்ளே பாயும். 4 அடி அகல பால்கனியில் ஒதுங்க இடமிருக்காது. அதனால் அந்த வரியை மாற்றினேன்: "ஐப்பசி முதல் மாசி வரை ஹாலுக்குள், கதவிலிருந்து தள்ளி. மற்ற மாதங்களில் பால்கனியிலேயே."

அடுத்தது தண்ணீர். "ஈரமாக" என்றிருப்பதைப் படித்துவிட்டு தினமும் ஊற்றினால் வேர் அழுகும். தண்ணீர் ஊற்றும் நாளைக் குறிக்காமல், மண்ணைத் தொட்டுப் பார்க்கும் நாளைக் குறித்தேன். கோடையில் தினமும் காலை ஏழு மணிக்குள், மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை. விரலின் முதல் கணு வரை மண் காய்ந்திருந்தால், அடித்துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். அரை மணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

இந்தச் செடி தாகத்திலும் துவளும், வேர் அழுகினாலும் துவளும். தொட்டியைத் தூக்கினால் எதுவென்று தெரிந்துவிடும். எடையில்லாமல் இருந்தால் தாகம். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கனமாக இருந்து, மண்ணில் நாற்றமும் வந்தால் தண்ணீரை நிறுத்தி, செடியை வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைக்க வேண்டும்.

தாளை வாங்கிக்கொண்டு, "பக்கத்துலயே ஒரு மல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார். மல்லி பூக்க ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது பூத்துக் குலுங்கும் கோடையில்தான் அந்த பால்கனிக்கு வெயிலே வராது. மொட்டைமாடியில் வைக்கச் சொன்னேன்.