உங்ககிட்ட நான் எதுக்கு வரணும்?

காசார்வாடிக்கு வேலைக்கு வந்து நாலு நாள். கம்பெனி முழுக்கப் போகும் மெயிலுக்கு அறிமுகம் எழுதித் தரச் சொன்னார்கள். இன்டர்வியூவில் சொன்னதையே எழுதினேன்: மதுரைப் படிப்பு, மார்க், ஓசூரில் 6 வருடம், சான்றிதழ்கள். 300 சொல் தாண்டிவிட்டது.

பக்கத்து சீட் மராத்திக்காரர் படித்துவிட்டு ஒன்றே கேட்டார்: "உங்ககிட்ட நான் எதுக்கு வரணும்?" அதற்குப் பதில் நான் எழுதியதில் இல்லவே இல்லை. இன்டர்வியூ எடுத்தவர்களுக்கு என்னைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேண்டியிருந்தது. மெயிலைப் படிப்பவர்களுக்குத் தேவை, எந்த வேலைக்கு என்னைத் தேடி வரலாம் என்பது. லோக்கல் ரயிலில் நின்றபடியே மார்க், சான்றிதழ், 'வாய்ப்புக்கு நன்றி' எல்லாவற்றையும் நீக்கினேன். மிஞ்சியது இது:

"வணக்கம், நான் செல்வி. திங்கள் முதல் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சப்ளையர்கள் அனுப்பும் காஸ்டிங்குகளைச் சோதிப்பது என் வேலை. ரிஜெக்ட் ஆன லாட் பற்றிக் கேட்க இரண்டாம் மாடிக்கு வாருங்கள். இதற்குமுன் ஓசூரில் 6 வருடம் இதே வேலை. மராத்தி கற்றுக்கொண்டிருக்கிறேன், தப்பாகப் பேசினால் திருத்துங்கள்."

அந்தக் கடைசி வரியையும் வெட்டப் போனேன், பக்கத்து சீட்காரர்தான் தடுத்தார். மெயில் போன அன்று சாயங்காலத்துக்குள் 7 பதில்கள். 6 மராத்தி பற்றி. ஒன்று ஸ்டோர்ஸிலிருந்து, நிறுத்திவைத்த லாட் பற்றி.