வழுக்கை அண்ணனும் முடி உள்ள தம்பியும்: முகம் மாற்றும்போது நெற்றியில் வரும் தகராறு

வீடியோவில் ஒருவர் முகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் வேலையில் கண், மூக்கு, வாய் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்காத ஒரே ஆள் நெற்றி. அதுவும் முகம் தருகிறவருக்கு முன்மண்டை காலி, முகம் வாங்குகிறவருக்கு நெற்றியில் விழும் அளவுக்கு முடி என்றால், வேலையில் பாதி அந்த மயிர்க்கோட்டில்தான் போகும். இந்தப் பதிவு அந்த ஒரு கோட்டைப் பற்றி மட்டும்.

முதலில் இரண்டு வார்த்தை. யாருடைய முகத்தை எடுக்கிறோமோ அவர் மூலம் (உடனே வைத்தியர் விளம்பரம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல :-) ). யாருடைய தலையில் வைக்கிறோமோ அவர் இலக்கு. மென்பொருளின் கோப்புகளில் இவை `src`, `dst` என்று இருக்கும். நாங்கள் பயன்படுத்தியது டீப்ஃபேஸ்லேப்.

எங்கள் குறும்படத்தில் கதாநாயகன், வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன். வயது 33. இருபத்தி நாலு வயதிலேயே முன்பக்கம் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கதையில் எட்டு வருடம் முந்தைய நினைவுக் காட்சி ஒன்று உண்டு. இரண்டு ஷாட், மொத்தம் 11 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 275 ஃபிரேம். விக் வைத்துப் பார்த்தோம். தூரத்தில் பரவாயில்லை, முகத்துக்கு அருகில் கேமரா போனதும் நெற்றியில் வலை விளிம்பு தெரிந்தது. அதனால் ஜூனியர் பையன் ஒருவனை நடிக்க வைத்து, அண்ணனின் முகத்தை அவனுக்கு வைப்பது என்று முடிவானது. இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டோம். அண்ணன் போட்ட நிபந்தனை இரண்டு: "முதல்ல நான் பார்க்கணும் தம்பி. வேலை முடிஞ்சதும் என் மூஞ்சி இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிடணும்." நியாயமான நிபந்தனைகள்தான்.

நெற்றி மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது? மென்பொருள் இரண்டு முகங்களைப் பொருத்துவது 68 புள்ளிகளை வைத்து. தாடை ஓரத்தில் 17, புருவங்களில் 10, மூக்கில் 9, கண்களில் 12, வாயில் 20. கூட்டிப் பாருங்கள், 68 வரும். இவற்றில் மிக உயரத்தில் இருப்பது புருவம். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. அதாவது இரண்டு பேரின் புருவமும் மூக்கும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காரும், ஆனால் முடி எங்கே தொடங்குகிறது என்பது கணக்கிலேயே வராது.

வித்தியாசம் எவ்வளவு என்று அளந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அதற்கு முகத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. மூக்கின் அடியிலிருந்து புருவ மத்தி வரை உள்ள தூரத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவிய வகுப்பில் சொல்லும் மூன்று சம பாகக் கணக்குப்படி, புருவ மத்தியிலிருந்து முடி தொடங்கும் இடமும் சுமார் 100 இருக்க வேண்டும். ஜூனியருக்கு 85 வந்தது. அண்ணனுக்கு நடுவில் 150 தாண்டியது, பக்கவாட்டில் இன்னும் உள்ளே போனது. ஆக ஒருவருக்கு முடி இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு வெறும் தோல்.

இப்போது வழி என்ன? பயிற்சி தொடங்கும்போது முகத்தின் எந்த அளவை எடுப்பது என்று மென்பொருள் கேட்கும். அதில் `f` என்று கொடுத்தால் புருவத்துக்குச் சற்று மேலே முகம் நின்றுவிடும். மயிர்க்கோடு பிரச்சினையே வராது. முடி, நெற்றி இரண்டும் ஜூனியருடையதாகவே இருக்கும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும். எங்களுக்குப் போதவில்லை, காரணம் அண்ணன் பேசும்போது புருவத்தைத் தூக்குவார். புருவம் மேலே ஏறும், அதற்கு மேலே ஜூனியரின் நெற்றி அசையாமல் பலகை மாதிரி இருக்கும். `head` என்பது அடுத்த எல்லை. அது தலைமுடியையும் சேர்த்து மாற்றும், அப்படியென்றால் அண்ணனின் வழுக்கையும் கூடவே வந்துவிடும் :-( . மிச்சம் நடுவில் உள்ள `wf`. முழு நெற்றியும் வரும், ஆனால் எது நெற்றி எது முடி என்று நாம்தான் முகமூடி வரைந்து சொல்லித்தர வேண்டும்.

அந்த முகமூடி வரையும் இடம் `5.XSeg) data_dst mask - edit.bat`. ஜூனியரின் படங்களில் முடி தொடங்கும் கோட்டை ஒட்டி வரைந்தோம். நெற்றியில் கற்றையாக விழும் முடியை முகமூடிக்கு வெளியே தள்ளினோம். உள்ளே விட்டால் என்ன ஆகும் தெரியுமா? மூலத்தில் அந்த இடத்தில் முடியே கிடையாது. பயிற்சி பெற்ற மாதிரிக்கு அதை என்ன செய்வதென்று தெரியாமல், விபூதி அழிந்த மாதிரி ஒரு கரும்புகைத் தீற்றலாக மாற்றிவிடும். ஒற்றை ஒற்றை இழைகளைக் கையால் வரைந்து பிரிப்பது நடக்காத காரியம். அதற்கு மருந்து படப்பிடிப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் தடவி, இழைகளைக் கற்றையோடு சேர்த்துச் சீவிவிட்டால் போதும்.

அடுத்தது அண்ணனின் படங்கள், `5.XSeg) data_src mask - edit.bat`. இங்கேதான் விஷயம். அவருக்குக் கோடே இல்லை, தோல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. தோல் இருக்கும் வரை வரைந்தால் மண்டையின் பளபளப்பும் முகத்தோடு சேரும். நிறம் பொருத்தும் கணக்கில் அந்த வெளிச்சமும் கலந்து முகம் முழுக்க நிறம் தப்பும். மாதிரியும் தன் முகமூடியை உயரமாகக் கற்றுக்கொண்டு, ஜூனியரின் முன்முடி மேல் தோலைப் பூசப் பார்க்கும். எனவே அவர் நெற்றியில் இல்லாத ஒரு கோட்டை நாமே கற்பனையாகப் போட வேண்டும். எங்கே? இலக்கின் கோடு இருக்கும் அதே 85இல். பக்கவாட்டிலும் அவருடைய ஏறிய மூலைகளைப் பின்பற்றாமல், ஜூனியருக்கு உள்ளது போலவே வளைத்து இறக்க வேண்டும்.

275 ஃபிரேமையும் வரையத் தேவையில்லை. இரண்டு பக்கமும் அறுபது அறுபது படம் வரைந்தோம். அதை `5.XSeg) train.bat` கற்றுக்கொள்ளும். பிறகு `5.XSeg) data_dst trained mask - apply.bat`, `5.XSeg) data_src trained mask - apply.bat` இரண்டையும் ஓட்டினால் மீதிப் படங்களுக்கும் முகமூடி விழும். எந்த அறுபது என்பது முக்கியம். தலை குனியும் ஃபிரேம்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் குனியும்போது நெற்றி பெரிதாகி, முன்முடி முன்னால் சரிகிறது. கோடு தப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

கடைசியாக ஒட்டும் கட்டம். எந்த முகமூடியை நம்புவது என்று மென்பொருள் பல வாய்ப்பு தரும். `learned-prd` மூலத்தின் முக வடிவத்தைப் பின்பற்றும். `XSeg-dst` இலக்கின் உண்மையான மயிர்க்கோட்டைப் பின்பற்றும். நாங்கள் எடுத்தது `XSeg-prd*XSeg-dst`, அதாவது இரண்டும் ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் புது முகம். முடி மேல் தோல் ஏறுவது இதில் நிற்கும்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம். விளிம்பை மென்மையாக்கும் `blur_mask_modifier` முழு முகத்துக்கும் ஒரே எண். தாடை ஓரத்தில் அதிக மென்மை வேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டியது தெரியும். அதே அளவை மயிர்க்கோட்டில் வைத்தால் முடியின் வேர்களில் தோல் நிறத்தில் ஒரு பனிமூட்டம் படியும். இரண்டுக்கும் பொதுவான எண் கிடையாது. அதனால் `raw-rgb` முறையில் முகத்தைத் தனியாகவும், முகமூடியை `result_mask.mp4` என்று தனியாகவும் எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் அசல் வீடியோ மேல் அடுக்கினோம். முகமூடியைப் புருவ மட்டத்தில் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதிக்கு அதிக மென்மை, மேல்பாதிக்கு மிகக் குறைவு. இந்த முறையில் நிறத்தையும் நாமே சரிசெய்ய வேண்டும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஃபிரேமில் அசலையும் முடிவையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். முகம் மாறலாம், முடி ஒரு பிக்சல்கூட அசையக்கூடாது. பிறகு நெற்றியை மட்டும் பெரிதாக்கி மெதுவாக ஓட்டுங்கள். முடி நிற்க, அதன் கீழே தோலின் ஓரம் நீந்தினால், முகமூடி ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறது என்று அர்த்தம். அந்த ஃபிரேம்களை வரைந்து சேர்த்து மறுபடியும் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று இருக்கிறது. 1996இல் பவன் சின்ஹா, டொமாசோ போஜியோ என்ற இருவர் நேச்சர் இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். கிளின்டனும் அல் கோரும் சேர்ந்து நிற்பது போலிருக்கும். உண்மையில் கோரின் கண், மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்திலும் கிளின்டனுடையவைதான் இருந்தன. தலைமுடியும் தலையின் வடிவமும் மட்டும் கோருடையவை. பார்த்தவர்கள் அவரைக் கோர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆள் யார் என்று சொல்வதில் முடிக்கு அவ்வளவு பங்கு. நாம் செய்வதும் கிட்டத்தட்ட அந்தப் படம்தான், நம்முடைய குறிக்கோள் மட்டும் நேர் எதிர்.

நிபந்தனைப்படி அண்ணன்தான் முதலில் பார்த்தார். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி நான்தான். ஆனா அந்தத் தலை என் தலை இல்லையே. எனக்கு அப்பவே ரெண்டு ஓரமும் ஏறியிருந்துச்சு" என்றார். பர்ஸிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். படத்தில் அளந்து பார்த்தால் நடுவில் 110, ஓரங்களில் அதற்கும் மேலே.

இதை முகமூடியால் சரிசெய்ய முடியாது. இலக்கின் முடியைப் பின்னால் தள்ளினால், அதன் அடியில் காட்ட நம்மிடம் தோல் கிடையாது, படம் பிடிக்கப்படாத இடம் அது. வழி ஒன்றுதான்: இலக்காக நிற்பவரை உயரமும் உடம்பும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தாமல், மயிர்க்கோட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அடுத்த ஞாயிறு அந்த இரண்டு ஷாட்டையும் வேறு ஒரு சீனியரை வைத்து மறுபடி எடுத்தோம். அவருக்கு 105. ஓரங்கள் லேசாக ஏற ஆரம்பித்திருந்தன. "இதுக்குப் போய் என்னைத் தேடிப் பிடிச்சீங்களாடா" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார் :-)