உடைத்தேனா, உடைந்ததா?

‘மம வீதுருவ பிந்தா.’
‘மகே அதின் வீதுருவ பிந்துணா.’

சிங்களம் தெரிந்தவர் யாரிடமும் இந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதைக் கேட்டவுடன், ‘ஏன் உடைத்தாய்?’ என்று கேட்பார். இரண்டாவதைக் கேட்டால், ‘பரவாயில்லை, கையில் வெட்டவில்லையே?’ என்பார். இரண்டிலும் உடைந்தது ஒரே குவளைதான். ஆனால் முதலாவதில் உடைத்தவர் ஒருவர் இருக்கிறார். இரண்டாவதில் குவளை தானாக உடைகிறது. அது நடந்த இடம் மட்டுமே என் கை.

இந்தச் சிறிய வேறுபாட்டைத் தமிழில் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வாப்பாவின் கடை ஹற்றன் நகரில் இருக்கிறது. வீட்டில் தமிழும் கடையில் சிங்களமுமாக வளர்ந்ததால், அக்கம் பக்கத்தில் யாருக்காவது சிங்களத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களில் ஒருவர் பக்கத்துத் தோட்டத்து அக்கா. அவர் அண்மையில் அரசாங்க வேலையில் சேர்ந்தவர். அந்த ஆண்டு ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை கொண்டுவந்தது. தமிழில் படித்தவர்களுக்கு அது சிங்களம். அக்கா இரவில் பயிற்சி நூலைப் படிப்பார். புரியாத பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

ஒருநாள் வந்த படத்தின் மேல் வரி ‘உதாஹரணய அனுவ வெனஸ் கரன்ன’. எடுத்துக்காட்டின்படி மாற்றுக என்பது அதன் பொருள். அதன் கீழே எடுத்துக்காட்டாக, நான் மேலே தந்த குவளை வாக்கியங்கள் இரண்டும் இருந்தன. அதற்குக் கீழே மூன்று வாக்கியங்களும் மூன்று வெற்றுக் கோடுகளும்:

1. மம எண்டுவா.
2. மம ஏக கிவ்வா.
3. மம அத்த கெடுவா.

அழுதேன், அதைச் சொன்னேன், கிளையை முறித்தேன் என்பவையே இவை. அக்கா குரல் செய்தியில் கேட்டார்: “தங்கச்சி, எல்லாச் சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். ஆனா எதை எதுவா மாத்தச் சொல்றாங்க? தமிழ்ல ரெண்டுமே ‘ஒடச்சேன்’னுதானே வருது?”

பயிற்சியின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. சாதாரண மொழிபெயர்ப்பில் பொருள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. பயிற்சியை மொழிபெயர்க்கும்போது அது போதாது. ‘மகே அதின் வீதுருவ பிந்துணா’ என்பதற்கு ‘கை தவறிக் குவளையை உடைத்துவிட்டேன்’ என்று எழுதினால் அது நல்ல தமிழ், பொருளும் சரி. ஆனால் அதில் ‘நான்’ இன்னும் எழுவாயாக நிற்கிறது, ‘உடைத்தேன்’ என்ற வினையும் மாறவில்லை. பயிற்சி கற்பிக்க வந்தது அந்த இரண்டு மாற்றங்களையும்தான். ‘மம’ என்ற எழுவாய் விலகி ‘மகே அதின்’, அதாவது என் கையிலிருந்து, என்று ஆக வேண்டும். ‘பிந்தா’ என்ற வினை ‘பிந்துணா’ என்று ஆக வேண்டும். அழகான தமிழ் இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரிகள் எழுதி அனுப்பினேன். முதல் வரியில், சிங்களம் இருக்கிறபடியே. இரண்டாம் வரியில், ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் தமிழ்ச் சொல், அதே வரிசையில். மூன்றாம் வரியில், நாம் பேசுகிற தமிழ். எடுத்துக்காட்டு இப்படி வந்தது:

மகே – அதின் – வீதுருவ – பிந்துணா
என் – கையிலிருந்து – குவளை – உடைந்தது
என் கை பட்டுக் குவளை உடைந்துவிட்டது.

தமிழில் ‘உடைத்தது’, ‘உடைந்தது’ என்ற இணை ஏற்கனவே இருப்பதால் இந்த வாக்கியம் இலகு. மூன்றாவது வாக்கியத்துக்கும் அப்படியொரு இணை உண்டு: முறித்தேன், முறிந்தது. ‘மகே அதின் அத்த கெடுணா’ என்பது, என் கை பட்டுக் கிளை முறிந்தது.

‘எண்டுவா’ அப்படியல்ல. அழு என்ற வினைக்குத் தமிழில் தானாக நடக்கும் இணை வினை இல்லை. சிங்களத்தில் ‘மட்ட எண்டுணா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இங்கே நமக்கு உதவுவது ‘எனக்கு’ என்ற சொல். தமிழிலும் பசியை நாம் செய்வதில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். ‘எனக்குப் புரிகிறது’ என்கிறோம். சிங்களத்திலும் அது ‘மட்ட தேரெனவா’தான். நம் விருப்பத்தைக் கேட்காமல் நமக்குள் நடப்பவற்றுக்கு இரண்டு மொழிகளும் ‘எனக்கு’ என்றே தொடங்குகின்றன. சிங்களம் இந்த வழியை அழுகைக்கும் பேச்சுக்கும்கூட நீட்டிக்கொள்கிறது. ஆகவே இரண்டாம் வரியில் ‘எனக்கு – அழுகை வந்தது’ என்று எழுதினேன். ‘மட்ட ஏக கியவுணா’ என்பதற்கு ‘எனக்கு – அது – வாயில் வந்துவிட்டது’ என்று எழுதினேன். ஒரு சிங்களச் சொல்லுக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொற்கள் வருகின்றன. ஆனால் ‘நான்’ போய் ‘எனக்கு’ வந்தது தெளிவாகத் தெரிகிறது.

விடைகளை இங்கே உங்களுக்காகச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு அனுப்பியபோது எடுத்துக்காட்டுக்கு மட்டுமே மூன்று வரிகளும் முழுமையாக இருந்தன. மற்ற மூன்றிலும் மாற்ற வேண்டிய சிங்கள வரியைப் புள்ளிகளாகவே விட்டு, அதன் கீழே தமிழை மட்டும் தந்தேன். நூலில் கோடு இருந்த இடத்தில் மொழிபெயர்ப்பிலும் கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சி வெறும் வாசிப்பாகிவிடும்.

இலக்கணம் தப்பிப் பிழைத்ததா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. சிங்கள வரிகளைக் கையால் மூடிவிட்டுத் தமிழை மட்டும் படிக்க வேண்டும். எந்தத் தமிழ் வரி எந்தச் சிங்கள வடிவத்துக்கு உரியது என்று சொல்ல முடிந்தால் மொழிபெயர்ப்பு சரி. இரண்டு தமிழ் வரிகளும் ஒன்றுபோல் ஒலித்தால் பாடம் தொலைந்துவிட்டது என்று பொருள்.

படமாக வருவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. நிகழ்காலத்தில் ‘கடனவா’ என்றால் முறிக்கிறேன். ‘கெடெனவா’ என்றால் முறிகிறது. சிங்கள எழுத்தில் முதலாவது சொல்லுடன் இரண்டு சிறு குறிகளைச் சேர்த்தால் இரண்டாவது வந்துவிடும். ஒன்று ‘ட’வுக்கு முன்னால் வரும் கொம்பு, சிங்களத்திலும் அதற்குப் பெயர் ‘கொம்புவ’தான். மற்றது ‘க’வின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும் ‘எதய’ என்ற குறி. அது ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியைக் காட்டுகிறது. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் இங்கே ‘எ’ என்றே எழுதியிருக்கிறேன். பக்கம் மடிந்திருந்தாலோ, மின்குமிழின் கீழே கையின் நிழல் விழுந்திருந்தாலோ முதலில் மறைவது இப்படிப்பட்ட குறிகள்தான். எதய பாதி மறைந்தால், நெடிலைக் காட்டும் ‘எலபில்ல’ போலவும் தோன்றும். இறந்தகாலத்தில் நிலைமை வேறு. ‘கெடுவா’, ‘கெடுணா’ இரண்டிலும் எதய இருக்கிறது. வேறுபாடு கடைசி எழுத்தில் மட்டுமே. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அந்த எழுத்தே போய்விடும். ஆகவே பக்கத்தின் நான்கு மூலைகளும் தெரிய, மேலே உள்ள கட்டளை வரியோடும் எடுத்துக்காட்டோடும் படம் எடுக்கும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். எடுத்துக்காட்டு இல்லாமல் வரும் பயிற்சியில் எதை மாற்றச் சொல்கிறார்கள் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

சில நாட்களுக்குப் பிறகு அக்கா சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன். “தங்கச்சி, நம்ம பக்கம் வெறகுக்குப் போற பொம்பளைங்கள நெனச்சுப் பாரு. நெழல் மரத்துக் கெளை முறிஞ்சதுன்னு ஒருத்தி தமிழ்ல சொல்றா. அதை நான் சிங்களத்துல ‘கெடுவா’ன்னு எழுதிட்டா அவ முறிச்சவ ஆயிருவா. ‘கெடுணா’ன்னு எழுதினா முறிஞ்சிருச்சு. ஒரே எழுத்து. அதை நான் சரியா எழுதணும்ல?”

தோட்டத்து மரத்தில் அனுமதியின்றிக் கிளை முறிப்பது குற்றம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதும் இடத்தில் அக்கா நாளை உட்காரப் போகிறார். எழுதியதை அந்தப் பெண்ணால் வாசித்துச் சரிபார்க்கவும் முடியாது.

இதே வேலை எதிர்த்திசையிலும் வரும். அக்காவுடன் வேலை செய்யும் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் தமிழ் படிக்கிறார். அவருடைய நூலில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டில் பொருத்தமானதைத் தெரிவுசெய்யும் பயிற்சி ஒன்று இருந்தது. அதை அக்கா எனக்கு அனுப்பினார். சிங்களத்தில் இரண்டுக்கும் ‘அபி’ என்ற ஒரே சொல்தான். ‘நாம் போவோம்’ என்றால் கேட்பவரும் கூட வருகிறார். ‘நாங்கள் போவோம்’ என்றால் அவர் வரவில்லை. இரண்டையும் ‘அபி’ என்று மொழிபெயர்த்தால் தெரிவுசெய்ய எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒன்றின் கீழே ‘ஒயாத் எக்க அபி’, அதாவது உங்களோடு சேர்ந்த நாம், என்று எழுதினேன். மற்றதன் கீழே ‘ஒயா நெத்துவ அபி’, உங்களை விட்ட நாங்கள், என்று எழுதினேன். எந்தச் சிங்களவரும் பேச்சில் அப்படிச் சொல்லமாட்டார். ஆனாலும் பயிற்சியின் இரண்டாம் வரியில் அது இருந்தால்தான் அவரால் விடை எழுத முடியும்.

நாமே பேச்சில் ‘நாங்க’ என்பதை இரண்டுக்கும் கலந்து பேசுகிறோம். அந்த உத்தியோகத்தர் அக்காவிடம், “உங்கள் ஆட்கள் ‘நாங்க’ என்னும்போது நானும் அதில் உண்டா, இல்லையா?” என்று கேட்டாராம். அக்கா அந்தக் கேள்வியை எனக்கு அனுப்பினார். நான் அதை உம்மாவிடம் கேட்டேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “யார் சொல்றாங்க, யாரைப் பார்த்துச் சொல்றாங்கன்னு பார்க்கணும் புள்ள” என்றார். பயிற்சியின் கீழே அந்த வரியையும் சேர்த்து அனுப்பிவைத்தேன்.