கடைசியில் வைத்த சிரிப்பு

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையின் மாடி. வாரத்தில் ஒரு நாள் இரவு, மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு முப்பது நாற்காலிகள் போடுகிறார்கள். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், செங்கல் நிறச் சுவரைப் பார்த்து ஒரு விளக்கு. மேடை என்று தனியாக எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஏழு நிமிடம் பேசுவார்கள். இதற்குப் பெயர் ஓப்பன் மைக். ஸ்டாண்டப் காமெடி பழகுகிறவர்களுக்கு இதுதான் பட்டறை.

நான் அங்கே போனது சிரிப்பதற்கு அல்ல. ஒரே ஆள் ஒரே ஏழு நிமிடத்தை வாரா வாரம் எப்படி மாற்றி அடுக்குகிறார் என்று பார்ப்பதற்கு. என்னைக் கூட்டிப் போன தம்பி பகலில் சோழிங்கநல்லூரில் கணினி வேலை பார்க்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்பா பத்திரிகை படிக்கிறவராம். மேடையில் பேசுவதில் பலமானது அந்த அப்பாவைப் பற்றி.

அவர் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் நகைச்சுவை எதுவும் எழுதியிருக்காது, தலைப்பு மட்டும்தான்: ஆட்டோ, பந்தி, மோட்டார், மிஸ்டு கால், ஓடிபி. ஒவ்வொன்றும் ஒரு ‘பிட்டு’. பக்கத்தில் நொடிக் கணக்கு. ஆட்டோ 40, பந்தி 90, மோட்டார் 80, மிஸ்டு கால் 50, ஓடிபி 110. கூட்டினால் ஆறு நிமிடம் பத்து நொடி.

“ஏழு நிமிஷம்தானே குடுக்கறாங்க? மீதி 50 செகண்ட்?”

“அது ஜனங்க சிரிக்கிறதுக்கு அண்ணா. அவங்களுக்கும் டைம் ஒதுக்கணும்ல.”

முதல் இரவு அவர் ஓடிபியில் ஆரம்பித்தார். கையில் இருப்பதிலேயே பலமான சரக்கு அது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறான் மகன். பணம் அப்பா கணக்கிலிருந்து போக வேண்டும், எண் அப்பாவின் போனுக்கு வருகிறது. மகன் கேட்கிறான், அப்பா சொல்ல மறுக்கிறார். “யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல போட்டிருக்குடா.” “அப்பா, நான் உங்க பையன்.” “பையனைத் தவிரன்னு போடலையே.”

அறை சிரித்தது. தம்பியின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. பிறகு அவர் ஷேர் ஆட்டோவுக்குப் போனார். ஏற்கெனவே ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் வண்டி. “இடம் இருக்காண்ணே?” என்று கேட்டால் டிரைவர் “இருக்கு” என்று சொல்வதில்லை. “ஏறு, வந்துரும்” என்கிறார். நல்ல நகைச்சுவைதான், ஆனால் நாலு பேர்தான் சிரித்தார்கள். பந்திக்கு மூன்று பேர். மோட்டாருக்கு யாரும் இல்லை. ஏழாவது நிமிடம் அவர் இறங்கும்போது விழுந்த கைதட்டல், ‘போய் வா’ என்று சொல்கிற கைதட்டல்.

மந்தைவெளியில் பறக்கும் ரயிலுக்குக் காத்திருந்தபோது, போனில் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டார். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். சிரிப்பு வரும் இடங்களில் நோட்டில் கோடு போட்டார். ஒரு நொடிச் சிரிப்புக்கு ஒரு கோடு. ஓடிபிக்கு நாலு. பிறகு இரண்டு, ஒன்று, வெறும் இடம். படிக்கட்டு மாதிரி இறங்கியது.

“ஆட்டோ மோசமில்லண்ணா. போன வாரம் இதே ஆட்டோவுக்கு மூணு கோடு. இன்னிக்கு அதுக்கு முன்னாடி ஓடிபி நின்னுச்சு, அதான்.”

வரிசையின் முதல் பாடம் இது. ஒரு சிரிப்பின் அளவு அதற்குள் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் வந்ததிலும் இருக்கிறது. பெரிய சிரிப்பு ஒன்று வந்துவிட்டால் அறை அந்த உயரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து வருவது அதைவிடச் சின்னதாக இருந்தால் அது நல்லதாக இருந்தாலும் சறுக்கலாகவே தெரியும். பலமானதைக் கடைசியில் வைத்தால் அதற்குப் பின்னால் நின்று அடிவாங்க எதுவும் இருக்காது.

இன்னொரு காரணம் நினைவு சம்பந்தப்பட்டது. 1993இல் டேனியல் கானமனும் மற்றவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 நொடி, கூடவே மேலும் 30 நொடி. அந்த 30 நொடியில் மட்டும் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்தத்தில் வலி அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உச்சமும் முடிவும்தான் மனதில் தங்குகின்றன, நீளம் தங்குவதில்லை என்றார்கள். அது வலியைப் பற்றிய சோதனை, சிரிப்பைப் பற்றியது அல்ல. ஆனால் கடைசியில் வைத்தால் உச்சமும் முடிவும் ஒரே இடத்தில் விழும் என்பது மேடை ஏறுகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. நம் பட்டிமன்றங்களிலும் அணியின் கனமான பேச்சாளரைக் கடைசியில்தான் எழுப்புவார்கள்.

அப்படியென்றால் முதலில் எதை வைப்பது? மிச்சத்தில் சிறந்ததை. ஆனால் அது குட்டையாக இருக்க வேண்டும். ஏறி அரை நிமிடத்துக்குள் ஒரு சிரிப்பு வரவில்லை என்றால் கூட்டம் கையைக் கட்டிக்கொள்கிறது. அப்புறம் அதை அவிழ்ப்பது கஷ்டம். நாற்பது நொடி ஆட்டோ அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஓடிபி பொருந்தாமல் போனதற்குக் காரணம் அதன் நீளம் மட்டும் இல்லை. அது சிரிக்க வேண்டுமானால் அந்த அப்பாவைக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்லிமிடெட் பிளான் போட்டுக் கொடுத்த பிறகும் மிஸ்டு கால் மட்டுமே கொடுக்கும் மனிதர் என்று முன்பே தெரிந்தால், ஓடிபியில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் பாதி சிரித்துவிடும். ஆகவே மிஸ்டு கால் ஓடிபிக்கு முந்தின இடத்துக்கு வந்தது. ஆட்டோ, பந்தி, மோட்டார், மிஸ்டு கால், ஓடிபி.

வரிசையை எழுதிவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று தனியாகச் சிரித்தார். “அண்ணா, ஆட்டோ முன்னாடி வந்துட்டா ஓடிபிக்கு ஒரு வால் கிடைக்குது பாருங்க.” வால் என்ன என்று அன்று சொல்லவில்லை.

இரண்டாவது இரவு வரிசை சரியாக இருந்தது. கெட்டது நேரம். ஆட்டோ நன்றாக எடுபட்டதும், முன்வரிசையில் இருந்த ஒருவரிடம் “நீங்க எந்த ஏரியாண்ணே?” என்று ஆரம்பித்து இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டார். பேச்சும் நன்றாகத்தான் போனது. அங்கேதான் பொறி. ஆறாவது நிமிடம் முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துகிறவர் பின்னாலிருந்து போன் டார்ச்சைக் காட்டுவார். அதற்கு ‘லைட்’ என்று பெயர். இன்னும் ஒரு நிமிடம் என்று அர்த்தம். லைட் வந்தபோது இவர் மோட்டார் நடுவில் இருந்தார். கையில் அறுபது நொடி, ஓடிபிக்குத் தேவை நூற்றுப் பத்து. மிஸ்டு காலைத் தாண்டிக் குதித்தார், ஓடிபியை மூச்சுவிடாமல் சொன்னார். அப்பாவின் பதிலுக்கு முன் ஒரு மௌனம் வேண்டும், அது போனது. அப்பா யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கோடு.

அன்று ரயிலில் அவர் பேசவே இல்லை. வேளச்சேரி நெருங்கும்போது நோட்டில் பெரிதாக ஓர் எண் எழுதினார்: 5.

“அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா எங்க இருந்தாலும் சரி, ஓடிபிய எடுத்துடணும். லைட்டுக்காக வெயிட் பண்ணக் கூடாது. லைட் வரும்போது நான் ஏற்கெனவே அப்பாகிட்ட பேசிட்டு இருக்கணும்.”

அதாவது ஏழு நிமிடத்தை முன்னாலிருந்து எண்ணாமல் பின்னாலிருந்து எண்ணுவது. கடைசிப் பிட்டின் நீளத்தை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் மற்றவற்றுக்குப் பங்கு போட வேண்டும். நேரம் குறைந்தால் எதை விடுவது என்பதும் ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆட்டோவை விட முடியாது, மிஸ்டு காலையும் விட முடியாது. இரண்டும் கடைசியைத் தாங்குகின்றன. விட முடிந்தது மோட்டார்தான். வேறு எதோடும் அதற்கு ஒட்டு இல்லை.

இந்த விதி எல்லா இடத்துக்கும் செல்லாது என்று அவரே சொன்னார். கம்பெனி விருந்துகளில் சாப்பாட்டு வாசனை வந்ததும் கூட்டம் எழுந்துவிடும்; அங்கே பலமானதை அறிவித்த நேரத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். ரீல்ஸில் நிலைமை தலைகீழ். முதல் சில நொடியில் பிடிக்காவிட்டால் விரல் தள்ளிவிடும். ஒரு மணி நேரத் தனி நிகழ்ச்சிக்குக் கணக்கே வேறு. 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஹன்னா காட்ஸ்பியின் ‘நானெட்’ கடைசியில் சிரிப்பை வேண்டுமென்றே தர மறுக்கிறது. அங்கும் கடைசி இடத்தில்தான் கனமானது இருக்கிறது, அது நகைச்சுவையாக இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது இரவு. ஆட்டோ: “ஏறு, வந்துரும்.” மூன்று கோடு. பந்தி: கல்யாண மண்டபத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பது, அவர் பாயசத்துக்கு வந்ததும் நமக்கு அந்த நாற்காலி மேல் பட்டா கிடைத்துவிடுகிறது, அந்த நேரம் பார்த்து அவர் “கொஞ்சம் ரசம்” என்று கேட்டால் அது துரோகம். மூன்று. மோட்டாரில் பாதியைச் சொன்னார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மீதியை விட்டார். மிஸ்டு கால். சரியாக ஐந்தாவது நிமிடம் ஓடிபி.

“பையனைத் தவிரன்னு போடலையே.” ஐந்து கோடு. முதல் இரவில் இங்கேதான் நிறுத்தினார். இப்போது நிறுத்தவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். லைட் வந்தது, பதறவில்லை. மூன்று தடவை கெஞ்சிய பிறகு அப்பா எண்ணைச் சொல்கிறார். மகன் அடிக்கிறான். பணம் போகவில்லை. மகனுக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

“அப்பா... அக்கவுண்ட்ல பணம் இருக்கா?”

ஒரு மௌனம்.

“நீ அடி. வந்துரும்.”

முதலில் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தார். அரை நொடி கழித்து அறை முழுவதும். அந்த அரை நொடியில் அவர்கள் ஐந்து நிமிடம் பின்னால் ஆட்டோவுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அப்பா ஏன் இவ்வளவு நேரம் எண்ணைச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. தொழிலில் இதை ‘கால்பேக்’ என்கிறார்கள். முதலில் விதைக்காமல் கடைசியில் இதை அறுக்க முடியாது. ‘வந்துரும்’ என்ற ஒரு சொல் தனியாக யாரையும் சிரிக்க வைக்காது. அதன் பலம் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தம்பி “நன்றி” என்று மட்டும் சொல்லி மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினார். அடுத்து ஏறவேண்டியவர் பாவம். நடத்துகிறவர் தானே இரண்டு நிமிடம் சும்மா பேசி அறையைத் தணித்த பிறகுதான் அவரை அழைத்தார்.

நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது எனக்கு முன்னால் ஒரு தம்பதி. எது பிடித்தது என்று கேட்டேன். “அந்த அப்பா! ஆட்டோ!” என்றார் கணவர். மனைவி பந்தியைச் சொன்னார். மோட்டார் பற்றிக் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மோட்டாரா? யார் சொன்னாங்க?”

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் இதைச் சொன்னேன். மோட்டாரைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து, வரிசையைப் பார்த்து, மூடி வைத்தார்.

“மறந்துட்டாங்களா? நல்லதுண்ணா. மறக்கறதுக்குத்தானே நடுவுல வெச்சேன்.”