நாலு ரூபாய் ஆப்ஷன்

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். புதிதாக ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறான். "சார், நிஃப்டி கால் ஆப்ஷன் நாலு ரூபாய்க்குக் கிடைக்குது. ஒரு லாட்டே முந்நூறு ரூபாய்தான். போனா போகட்டும்னு வாங்கலாமா?" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன், இந்தக் கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குக்காக எண்களை முழுதாக்கிக்கொள்கிறேன். நிஃப்டி 24,000இல் இருக்கிறது, காலாவதிக்கு இரண்டு நாள். அவன் பார்த்தது 24,500 கால். அதாவது அன்றைக்கு நிஃப்டி 24,500ஐத் தாண்டினால் மட்டுமே அதற்கு மதிப்பு. நாலு ரூபாயையும் சேர்த்தால் 24,504 தாண்ட வேண்டும். அமைதியான சந்தையில் நிஃப்டி இரண்டு நாளில் சாதாரணமாக ஏறி இறங்குவது முந்நூறு புள்ளிக்குள்தான். இவன் கேட்பது ஐந்நூறு. நூற்றில் மூன்று நான்கு தடவை நடக்கலாம்.

"ஏறும்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்றான். சரி, ஏறட்டும் என்றேன். மறுநாள் நிஃப்டி 24,100. அவன் கணிப்பு சரி. ஆனால் அந்த நாலு ரூபாய் ஏறக்குறைய ஒன்றரை ரூபாயாகியிருக்கும்! இன்னும் நானூறு புள்ளி பாக்கி, இருப்பதோ ஒரே நாள். அதே நேரத்தில், முதல் நாள் 111 ரூபாய் விற்ற 24,000 கால் 138 பக்கம் வந்திருக்கும். திசை ஒன்றுதான், "விலை கூடியது" லாபம், "மலிவானது" பாதிக்கு மேல் நஷ்டம். (நிஃப்டி இறங்கினால் அந்த 111 ரூபாயும் கரையும். அதை வாங்கச் சொல்லவில்லை.)

இன்னொன்றை அவன் கவனிக்கவே இல்லை. தரகு ஒரு ஆர்டருக்கு இருபது ரூபாய். வாங்க, விற்க நாற்பது, ஜிஎஸ்டி சேர்த்தால் 47. லாட் 75 என்றால், முந்நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஏறக்குறைய பதினாறு சதவீதம் தரகுக்கே போகிறது. எட்டாயிரம் ரூபாய்ச் சரக்குக்கும் அதே 47தான், அங்கே அது அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான். போதாததற்கு, லாட்டரிச் சீட்டு மாதிரி இதை எல்லோரும் தேடி வாங்குவதால், விற்பவர் நியாயமான விலைக்கு மேல் கொஞ்சம் வைத்தே விற்பார்.

முந்நூறு ரூபாய்தானே என்று வாரா வாரம் பத்து லாட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாரம் மூவாயிரம். 2024இல் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இந்த வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

தூரத்து ஆப்ஷனுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. ஆப்ஷன் விற்பவர், சந்தை திடீரென்று பாய்ந்தால் தப்பிக்க அதை வாங்கி வைப்பார். அவருக்கு அது காப்பீட்டுத் தவணை.

"அப்போ நான் என்ன சார் வாங்குறது?" என்றான். இந்த வாரம் எதுவும் வேண்டாம், நாலு ரூபாய் ஆப்ஷன் தினமும் எப்படி நகருகிறது என்று நோட்டில் எழுதி வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வருகிறானாம்.