குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் மெயினை அணைத்து 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றித் தருவேன். குழாய் சொட்டினால் வாஷர் போடுவேன். கூலி, ஒரு டம்ளர் காபி.

போன மழைக்காலத்தில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மாள், "அண்ணா, பாத்ரூம் குழாய் சொட்டுது" என்று கூப்பிட்டார். பையோடு போனேன். கை வைக்கப் போகையில், "பார்த்து, சில நேரம் சுருக்குனு அடிக்கும்" என்றார். கையை இழுத்துக்கொண்டேன்.

தரையைத் துடைத்து, ரப்பர் செருப்போடு டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது. கெய்சர் சுவிட்சை அணைத்ததும் நின்றது. சந்தேகம் கெய்சர் மேல் விழுந்தது. உள்ளே ஹீட்டர் காயில் வெடித்து, மின்சாரம் தண்ணீருக்கும் இரும்பு உடம்புக்கும் கசிந்திருக்க வேண்டும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும். இங்கே அது குழாயைத் தொடுகிறவர் வழியாகப் போகிறது.

நாங்கள் பள்ளியில் எர்த்தை 'தேர்' என்றுதான் பிரெஞ்சில் படித்தோம். மண் என்று பொருள். மண்ணைத் தொடாத கம்பிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வெளியூரிலிருக்கும் அவர் மருமகன் போனில், "சார், சாக்கெட்டுல எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா சேர்த்துடுங்க, சரியாயிடும்" என்றார். அதைச் செய்ய முடியாது என்றேன். அப்படிச் சேர்த்த பிறகு எங்காவது நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், கெய்சரின் உடம்பிலேயே முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். சுருக்கென்று அடிப்பது உயிரை எடுப்பதாக மாறும். எர்த் மண் வரை போகிறதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். என் டெஸ்டரால் அது ஆகாது. டெஸ்டர் எரியவில்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றல்ல.

கெய்சர் பிளக்கைக் கழற்றி வைத்து, "லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வரும்வரை தொடாதீங்கம்மா" என்றேன். சின்ன வேலைக்கு வந்து பெரிய செலவு வைத்துவிட்டேன் என்று அந்த அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடம்தான்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டைத் திறந்தார். பச்சை வயர் சுவருக்குள் நாலு விரல் நீளத்தில் நறுக்கப்பட்டு, எங்கும் போகாமல் நின்றது. வீடு கட்டியதிலிருந்து அப்படித்தானாம். புதிதாக எர்த் போட்டு, காயில் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினார்.

அதன் பிறகு நான் போய் வாஷர் மாற்றினேன். காபி வந்தது.