வினைமுற்று விழும் இடம்

அம்பத்தூரில் நான் இருக்கும் தெரு, ஆவடி ரயில் நிலையம், பூந்தமல்லியில் ஒரு டீக்கடை. இவற்றைச் செல்போன் காமிராவில் பிடித்து, அதன்மேல் என் கவிதை ஒன்றை நானே சொல்லிப் பதிவு செய்தேன். காமிராவை அசைக்கவில்லை. காட்சிகளில் சொல்லும்படியாக எதுவும் நடப்பதுமில்லை.

முதலில் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. ஒரு வரிக்கு ஒரு காட்சி. வரி முடிகிற இடத்தில் காட்சி மாறும். நெடிய வரிக்கு 4 விநாடி, குறுவரிக்கு 2. சேர்த்துப் பார்த்தபோது பாடப்புத்தகப் படங்களுக்கு அடியில் அச்சிட்ட பெயர்கள் மாதிரி இருந்தது. கண்ணும் காதும் ஒரே இடத்தில் நின்றன. வரிதோறும் ஒரு முற்றுப்புள்ளி.

1936இல் வந்த 'நைட் மெயில்' படத்துக்கு ஆடன் எழுதிய வரிகள் ரயில் சக்கரத்தின் தாளத்தோடு ஓடுபவை. அங்கே படமே சந்தம் தருகிறது. என் குடங்களும் டீக்கடையும் எந்தச் சந்தமும் தரவில்லை. வாக்கியத்தின் அமைப்பிலிருந்துதான் அளவை எடுக்க வேண்டியிருந்தது.

கவிதையில் ஓர் இடம்:

லாரி வராத தெருவில் வரிசையாய்க் குடங்கள் காத்திருக்கின்றன

தாளில் இது ஒரே வரி. குடங்களின் காட்சிமேல் முழுவதையும் சொன்னால் கடைசிச் சொல் வீண். அவை காத்திருப்பது ஏற்கெனவே தெரிகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், படம் அதை முந்திக்கொண்டுவிடுகிறது. ஆகவே 'குடங்கள்' என்றதும் காட்சியை மாற்றினேன். ஆவடி நடைமேடையில் ரயிலுக்கு நிற்பவர்களின் முகங்கள், அவற்றின்மேல் 'காத்திருக்கின்றன'. காதில் இடறியது. மனிதர்களை அஃறிணையில் சொன்ன மாதிரி, ஓர் அவமரியாதை. 'காத்திருக்கிறார்கள்' என்று மாற்றினால் குடங்கள் போய்விடும். மறுநாள் அதே நடைமேடைக்குப் போய்க் கால்களை மட்டும் எடுத்தேன். வெடித்த குதிகால்கள், செருப்புகள், ஒரு பையின் அடிப்பாகம். வினை சரியாக உட்கார்ந்தது.

அந்தச் சொல்லைச் சொல்ல 2 விநாடி போதும். காட்சியை 6 விநாடி விட்டேன். மிச்சம் மௌனம். வரியின் நீளம் என்பது சொற்கள் மட்டுமல்ல, அதற்குப் பின் விடுகிற மௌனமும் சேர்ந்ததுதான் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

டீ ஆற்றுவது பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருந்தது. ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். படமே அதைச் சொல்லிவிட்டிருந்தது. வரியை நீக்கினேன், டீ விழும் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

இப்போது ஒரு சங்கடம். கவிதையைத் திரும்பத் தாளில் எழுதும்போது 'காத்திருக்கின்றன' என்பதைத் தனி வரியாக்கிப் பார்த்தேன். கால்கள் இல்லாத தாளில் அது வெறும் பாவனை. பழையபடி ஒரே வரியாகவே சேர்த்துவிட்டேன். ஆனால் சத்தமாகப் படிக்கும்போது 'குடங்கள்' என்ற இடத்தில் நிற்கிறேன்.